கூகுளின் இலவச 15 ஜிபிக்கும் காசு கட்டும் 100 ஜிபிக்கும் நடுவே உண்மையில் என்ன வித்தியாசம்?

கேள்வி: "என் ஜிமெயிலில் இடம் நிறைந்துவிட்டது என்று சிவப்புப் பட்டை வந்திருக்கிறது. 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய் கேட்கிறது. கட்டினால் இடம் மட்டும்தான் கூடுமா, இல்லை இலவசக் கணக்கில் வேறு எதையும் பூட்டி வைத்திருக்கிறார்களா? கட்டாவிட்டால் பழைய போட்டோக்கள் அழிந்துவிடுமா?"

இலவசக் கணக்கில் குறைவாக இருப்பது இடம் மட்டும்தான். 100 ஜிபி திட்டத்தைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. பழைய போட்டோக்களும் உடனே அழியாது. ஆனால் இடம் நிறைந்தபின் சில கதவுகள் மூடிக்கொள்ளும். அதில் முதலில் அடிபடுவது போட்டோ இல்லை, மெயில். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் உரியதில்லை. ஜிமெயில், டிரைவ், கூகுள் ஃபோட்டோஸ் மூன்றும் ஒரே பானையிலிருந்து அள்ளிக்கொள்கின்றன. 2013 முதல் இப்படித்தான். போட்டோ எடுத்துப் பானையை நிரப்பினால் மெயிலுக்கும் இடம் இருக்காது. நிறைந்த கணக்கால் மெயில் அனுப்ப முடியாது, பெறவும் முடியாது. உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். இடம் காலியானதும் அது தானாக வந்து சேராது, அவர் மறுபடி அனுப்பினால்தான் உண்டு. வங்கியின் ஓடிபியோ நேர்முகத் தேர்வுக் கடிதமோ அந்த நேரத்தில் வந்தால் அது வந்ததே உங்களுக்குத் தெரியாது. அதனால் சிவப்புப் பட்டையை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள்.

மெயில் தவிர, டிரைவில் புதிய கோப்பு எதையும் ஏற்ற முடியாது. டாக்ஸ், ஷீட்ஸ் போன்றவற்றில் புதிதாக ஒன்றை உருவாக்கவும் முடியாது, இருப்பதைத் திருத்தவும் முடியாது. நீங்கள் உருவாக்கிப் பிறரோடு பகிர்ந்த ஷீட்டை அவர்களாலும் திருத்த முடியாமல் போகும், ஏனென்றால் அது உங்கள் கணக்கில் இருக்கிறது. போட்டோ பேக்கப் நின்றுவிடும். ஆனால் ஏற்கனவே உள்ளதைத் திறந்து பார்க்கலாம், பதிவிறக்கலாம், அழிக்கலாம். இதில் எதற்கும் காசு தேவையில்லை.

"அழிந்துவிடுமா" என்ற பயத்துக்கான விடை இதுதான். நிறைந்த நிலையிலேயே 2 ஆண்டுகள் தொடர்ந்து விட்டால், உங்கள் மெயில், டிரைவ் கோப்புகள், போட்டோக்களை அழிக்கும் உரிமையை கூகுள் தன் விதியில் வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பாக அறிவிப்பு அனுப்புவதாகவும் சொல்கிறது. இதோடு இன்னொரு 2 ஆண்டு விதியைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2 ஆண்டுகள் யாருமே உள்ளே நுழையாத கணக்கை மொத்தமாக நீக்கும் விதி தனி. அதை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறார்கள். ஒன்று இடம் பற்றியது, மற்றது பயன்பாடு பற்றியது. தினமும் மெயில் பார்க்கிறவருக்கு இரண்டாவது விதி பொருந்தாது, முதலாவது பொருந்தும்.

சரி, பூட்டி வைத்திருக்கிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். காசு கட்டினால் இவையெல்லாம் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மாறாது. ஜிமெயிலில் இணைப்பாக அனுப்பும் கோப்பின் அளவு 25 எம்பிதான், கட்டினாலும் அதேதான். ஒரு ஷீட்டில் ஒரு கோடி கட்டங்கள் என்ற வரம்பு இருவருக்கும் ஒன்றே. ஏற்றும் வேகமும் உங்கள் இணைய இணைப்பைப் பொறுத்தது, திட்டத்தைப் பொறுத்தது இல்லை. நீங்கள் பகிர்ந்த ஒரு கோப்பை மிகப் பலர் பதிவிறக்கினால் கொஞ்ச நேரம் தடை விழும். அது காசு கட்டியவருக்கும் விழும்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அழித்த கோப்பைப் பற்றித்தான். டிரைவில் அழித்தது குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். பிடிஎஃப், வேர்டு போன்ற கோப்பின் மேல் புதிய பதிப்பை ஏற்றினால், பழைய பதிப்பு 30 நாளோ 100 பதிப்புகளோ தாண்டினால் நீங்கிவிடும், நீங்களாகவே "நிரந்தரமாக வை" என்று குறித்திருந்தால் தவிர. இலவசக் கணக்கிலும் 100 ஜிபியிலும் இதே விதிதான். "காசு கட்டுகிறேனே, கூகுள் காப்பாற்றி வைத்திருக்கும்" என்று நம்பி, மூன்று மாதம் முன்பு தவறாக அழித்த ஃபோல்டரைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 130 ரூபாய் இடத்துக்கான வாடகை. அதனால் காப்பு எதுவும் கூடுவதில்லை.

கட்டினால் கூடுதலாக வருவது என்று சொல்லத்தக்கது குடும்பப் பகிர்வு. உங்களோடு இன்னும் 5 பேர் அந்த 100 ஜிபியைப் பயன்படுத்தலாம். ஒருவருடைய போட்டோவையோ மெயிலையோ மற்றவர் பார்க்க முடியாது, யார் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். ஒவ்வொருவரும் முதலில் தன் சொந்த 15 ஜிபியைப் பயன்படுத்துவார், அது தீர்ந்தபின்தான் பொது 100இல் கை வைப்பார். ஆக 4 பேர் உள்ள வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா, அம்மா, மகள் மூவரும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பகிர்வு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

போட்டோ திருத்தும் வசதிகளைப் பற்றியும் பழைய தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் வேண்டாததை அழிக்கும் மேஜிக் இரேசர் ஒரு காலத்தில் காசு கட்டியவர்களுக்கு மட்டும் இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து எல்லோருக்கும் இலவசம். காசு கட்டியவர்களுக்கு இருந்த விபிஎன்னையும் அதே ஆண்டு ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டையும் நினைத்து 100 ஜிபி திட்டத்தை வாங்காதீர்கள்.

இனி, கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. நிறைந்த கணக்குகள் பெரும்பாலும் உண்மையில் நிறைந்தவை இல்லை, தவறான பொருளால் நிறைந்தவை. எங்கள் அக்காவின் கணக்கைச் சரிசெய்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

அவர் கணக்கில் 14.8 ஜிபி போயிருந்தது. one.google.com/storage என்ற பக்கத்தில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அவருக்கு போட்டோஸ் 7.9, ஜிமெயில் 2.4, டிரைவ் 0.6, வாட்ஸ்அப் பேக்கப் 3.9. கடைசியாகச் சொன்னதைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டார். வாட்ஸ்அப்பின் ஆண்ட்ராய்டு பேக்கப் முன்பெல்லாம் கூகுள் இடத்தில் கணக்காகாது. அந்தச் சலுகையை நிறுத்துவதாக 2023 நவம்பரில் அறிவித்து, அடுத்த சில மாதங்களில் எல்லோருக்கும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்களெல்லாம் அன்றிலிருந்து உங்கள் 15 ஜிபியில் உட்கார்ந்துகொண்டன. பலருக்கு ஒன்றும் செய்யாமலே கணக்கு நிறைந்ததற்குக் காரணம் இதுதான்.

அதனால் முதல் வேலை வாட்ஸ்அப். அமைப்புகளில் Chats, அதற்குள் Chat backup. அங்கே Include videos என்பதை அணைத்துவிட்டு, கையோடு ஒரு புதிய பேக்கப் எடுத்தோம். புதியது பழையதன் இடத்தில் வந்து உட்காரும் என்பதால் 3.9 ஜிபி 1.1 ஆனது. வீடியோக்கள் போனில் அப்படியே இருக்கின்றன, பேக்கப்பில் மட்டும் சேராது. போன் தொலைந்தால் அவை போகும் என்பதை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

அடுத்து ஜிமெயில். தேடல் பெட்டியில் இதைத் தட்டினோம்:

```
has:attachment larger:10M older_than:2y
```

2 ஆண்டுக்கு முந்தைய, 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வரும். பள்ளி விழாப் படங்கள், வீட்டு வரைபடம், எப்போதோ ஒருவர் அனுப்பிய ஸ்கேன் கோப்புகள். வேண்டியதைக் கணினியில் இறக்கிக்கொண்டு மற்றதை அழித்தோம். அழித்ததும் இடம் திரும்பாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜிமெயிலின் Trash, Spam இரண்டும், டிரைவின் Trash-உம் கணக்கில் சேர்ந்தவை. அவற்றைக் காலி செய்தபின்தான் இடம் திரும்பும். அதன் பிறகும் மேலே காட்டும் எண் மாற ஒரு நாள் வரை ஆகலாம். 2.4 ஜிபி 1.1 ஆனது.

போட்டோவில்தான் பெரிய தவறு நடக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அக்கா நான் வருவதற்கு முன்பே 2018, 2019இல் எடுத்த படங்களை மனமில்லாமல் நூற்றுக்கணக்கில் அழித்திருந்தார். எண் அசையவே இல்லை. ஏனென்றால் 2021 ஜூன் 1க்கு முன்பு, "உயர் தரம்" என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் 15 ஜிபியில் கணக்காவதில்லை. அன்று வரை அந்தத் தரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்று இருந்தது, அன்று ஏற்றியவற்றுக்கு அந்தச் சலுகை இன்றும் நீடிக்கிறது. ஆகவே அவற்றை அழித்தால் நினைவு போகும், இடம் வராது. அக்கா அழித்தவை போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும் என்பதால், நல்ல வேளையாக எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம்.

எது கணக்காகிறது என்று பார்க்க photos.google.com/quotamanagement என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே பெரிய படங்களும் வீடியோக்களும் தனியாக வரும். அக்காவுடையதில் முன்னே நின்றவை உறவினர் கல்யாணத்தில் எடுத்த நீண்ட வீடியோக்கள். அவற்றை ஹார்டு டிஸ்கில் ஏற்றி, திறந்து ஓட்டிப் பார்த்து, பிறகு அழித்தோம். 2.2 ஜிபி திரும்பியது, மிச்சம் 5.7.

அதே பக்கத்தில் Recover storage என்று ஒன்று உண்டு. ஏற்கனவே மூலத் தரத்தில் ஏற்றிய எல்லாவற்றையும் Storage saver தரத்துக்கு இறக்கும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் 16 ஆகும், 1080பிக்கு மேற்பட்ட வீடியோ 1080பி ஆகும். கைபேசியில் பார்க்கிறவருக்கும் சாதாரண அளவில் அச்சிடுகிறவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இதைத் திரும்ப மாற்ற முடியாது. தொழிலுக்காகப் படம் எடுக்கிறவர் இதைத் தொடவே கூடாது. அக்காவுக்குத் தடையில்லை, செய்தோம். 5.7 ஜிபி 3.6 ஆனது. இனி ஏற்றுபவையும் அதே தரத்தில் போகும்படி போனில் அமைத்துவிட்டேன்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப் 1.1, ஜிமெயில் 1.1, போட்டோஸ் 3.6, டிரைவ் 0.6, மொத்தம் 6.4 ஜிபி. மிச்சம் 8.6. புதிய அமைப்பில் அக்காவுக்கு மாதம் சுமார் 250 எம்பி ஏறுகிறது. அந்தக் கணக்கில் 34 மாதம், அதாவது ஏறக்குறைய 3 ஆண்டு தாங்கும். அவருக்கு இன்று 100 ஜிபி தேவையில்லை. ஒரு மாலை வேலையில் முடிந்தது.

உங்களுக்கும் இதே கணக்குதான் தீர்ப்பு. சுத்தம் செய்தபின் ஒரு மாதம் விட்டு எண்ணைப் பாருங்கள், மாதம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் குழந்தை இருந்து 4கே வீடியோவாக எடுத்துத் தள்ளுகிறீர்கள் என்றால் இலவசம் நிச்சயமாகத் தாங்காது. போனையும் அமைப்பையும் பொறுத்து 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பியிலிருந்து 400 எம்பி வரை எடுக்கும். சிறிய எண்ணையே வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. அந்த நிலையில் இருப்பவர் யோசிக்காமல் கட்டலாம், வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளலாம். தொடர்ந்து வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் மாதக் கட்டணத்தை விட ஆண்டுக் கட்டணம் மலிவு.

சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் பேக்கப் ஆன ஒரு படத்தை அழித்தால் அது போனிலிருந்தும் மேகத்திலிருந்தும் சேர்ந்தே போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அந்தச் செயலியில் உள்ள Free up space வழியாகத்தான் செய்ய வேண்டும். அது போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்து படங்களை இழந்தவர்கள் நிறைய.

உங்களோடு பகிரப்பட்ட கோப்புகளை அழிப்பதும் வீண் வேலை. டிரைவில் Shared with me என்பதில் இருப்பவை அவற்றின் சொந்தக்காரர் கணக்கில்தான் சேரும். அழித்தாலும் உங்களுக்கு ஒரு எம்பி கூடத் திரும்பாது.

இதையெல்லாம் கூகுளுக்கு மட்டும் பொருத்திப் படியுங்கள். மற்ற சேவைகள் வேறு விதமாகப் பூட்டுகின்றன. டிராப்பாக்ஸில் இலவசம் 2 ஜிபிதான், அதோடு 3 சாதனங்களுக்கு மேல் இணைக்க முடியாது. ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி, அதில் உள்ள பாதுகாப்புப் பெட்டகத்தில் 3 கோப்புகள் மட்டுமே வைக்கலாம். அங்கே காசு கட்டினால் இடத்தோடு வேறு பூட்டும் திறக்கும். கூகுளில் அப்படி இல்லை என்பதால்தான், இடம் தேவையா என்ற ஒரே கேள்வியோடு முடிவெடுக்கலாம் என்கிறேன்.

கடைசியாக, கட்டத் தொடங்கியபின் நிறுத்த நினைத்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். திட்டம் முடிந்ததும் உங்கள் எல்லை மறுபடி 15 ஜிபி ஆகும். அப்போது 60 ஜிபி வைத்திருந்தால் அந்த 60உம் அப்படியே இருக்கும், ஆனால் நீங்கள் "நிறைந்த கணக்கு" ஆகிவிடுவீர்கள். மேலே சொன்ன மெயில் தடை முதல் 2 ஆண்டு விதி வரை எல்லாம் தொடங்கும். குடும்பப் பகிர்வில் இருப்பவர்களில் யார் தன் 15 ஜிபியைத் தாண்டியிருக்கிறாரோ அவருக்கும் அதே நிலை. கட்டியவர் நிறுத்தியதே தெரியாமல் அவருடைய மெயில் நிற்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறுத்தும் முன் takeout.google.com போய் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். இது இலவசக் கணக்குக்கும் உண்டு. ஒரு ஜிப் கோப்பின் அளவை 2 ஜிபி என்று வைத்தால் 60 ஜிபிக்கு 30 துண்டுகள் வரும், ஏதாவது ஒன்று விடுபடும். 50 ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் இரண்டே துண்டு, ஆனால் இணைப்பு நடுவில் அறுந்தால் முதலிலிருந்து இறக்க வேண்டும். வீட்டு பிராட்பேண்டுக்கு 10 ஜிபி துண்டுகள் எனக்குச் சரியாக வந்திருக்கின்றன. இறக்கியபின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, நடுவிலிருந்து சில படங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் மேகத்தில் அழியுங்கள். இறக்குவதால் மேகத்தில் உள்ளது தானாக அழியாது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.